பழைய லைனை வெட்டுவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரையில் நெட் கம்பெனி மாற்றுவோருக்கு

நெட் கம்பெனி மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எம்பிபிஎஸ், மாசம் எவ்வளவு?" என்பதுதான். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வரை நம் கடற்கரையில் இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கும் பதிலை வைத்து முடிவெடுத்தால் பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள். இங்கே ஒரு லைன் நல்லதா கெட்டதா என்பது மூன்று சமயங்களில்தான் தெரியும்: ராத்திரி பத்து மணிக்கு, கரண்ட் இல்லாத நாளில், வாடைக்காற்றோடு மழை பெய்யும்போது. புது லைனை இந்த மூன்றிலும் பார்த்துவிட்டுப் பழையதை நிறுத்த வேண்டும். அதற்காகவே சில வாரம் இரண்டு லைனையும் சேர்த்து ஓட்டச் சொல்கிறேன். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போகும். போகட்டும்.

பேச்சு தரையில் நிற்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழக்கரையில் மாடி வீடு. கீழே வாப்பாவும் உம்மாவும். மாடியில் மகள், சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மகன் துபாயில். பழைய லைன் 60 எம்பிபிஎஸ், லேண்ட்லைன் போனோடு சேர்ந்தது. கூடவே நான்கு சிசிடிவி கேமரா, ஒரு டிவி, மொட்டை மாடியில் சோலார். தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபைபர் கம்பெனி 150 எம்பிபிஎஸ் தருவதாகச் சொல்கிறது. இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் வீடுதான். ஆனால் இதில் இருக்கும் சிக்கல்கள் எல்லாம் இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு பார்ப்பவை.

பணம் கட்டுவதற்கு முன்

முதலில் வாசலில் நின்று கம்பத்தைப் பாருங்கள். பழைய வயர் வரும் கம்பத்திலேயே, அதே பெட்டியிலிருந்தே புது வயரும் வரப்போகிறதா? ஒரே கேபிள்காரர் இரண்டு கம்பெனிக்கும் இணைப்பு கொடுப்பது இங்கே சாதாரணம். அப்படியானால் மாறுவது பில்லில் உள்ள பெயர் மட்டும்தான். கம்பம் சாய்ந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். எந்தக் கம்பெனி கேபிளும் பாம்பன் கடலைக் கடந்துதான் வந்தாக வேண்டும். அதனால் "அவர்கள் லைன் போனாலும் எங்கள் லைன் போகாது" என்று யாராவது சொன்னால் எந்த வழியாக வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து, கம்பெனி ஆளிடம் கேட்க வேண்டிய ஒரே தொழில்நுட்பக் கேள்வி: "உங்கள் ஆபீஸிலிருந்து என் வீடு வரைக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி ஏதாவது இருக்கிறதா?" முழுக்க ஃபைபராக வரும் லைனில் நடுவில் இருப்பது ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான். அதற்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் சில இடங்களில் தெருமுனை வரை ஃபைபரைக் கொண்டுவந்து, அங்கே யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு ஸ்விட்ச் பெட்டியை மாட்டி, அந்த வீட்டுக் கரண்டிலேயே ஓட்டுவார்கள். அந்த வீட்டில் பீஸ் போனாலும் உங்கள் நெட் போகும்.

மூன்றாவது, பணம். விளம்பரத்தில் போடும் தொகையில் பெரும்பாலும் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. மாதம் 599 என்றால் கையிலிருந்து போவது 706 ரூபாய் 82 காசு. ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இணைப்புக் கட்டணம் இலவசம் என்பார்கள். அதே 599 பிளானுக்கு அது 4,240 ரூபாய் 92 காசு. லைன் எப்படி என்று தெரியாமலே அவ்வளவும் முன்கூட்டிக் கட்டுவதாகிறது. இணைப்புக் கட்டணமாக ஆயிரம் ரூபாய் கேட்டாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுப்பதுதான் என் யோசனை. லைன் நன்றாக இருந்தால் அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ போட்டுக்கொள்ளலாம். சரியில்லையென்றால் நஷ்டம் அந்த ஆயிரத்தோடும் ஒரு மாதக் கட்டணத்தோடும் நிற்கும்.

பழைய லைன் ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா என்பதையும் இப்போதே பாருங்கள். ப்ரீபெய்டானால் காலாவதியாகும் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகப் புதியதைப் போட்டால், இரண்டும் ஓடும் காலத்துக்காகத் தனியாக ரீசார்ஜ் செய்ய வேண்டியதில்லை. போஸ்ட்பெய்டானால் பில் தொடங்கும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்துப் புதியதைப் போடுங்கள். அடுத்த பில் தேதி வரைக்கும் கிட்டத்தட்ட முழு மாதம் கையில் இருக்கும்.

மாதம் எது என்பதும் முக்கியம். நம் மாவட்டத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரை. புது வயர் இழுப்பதைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நனைந்த கம்பத்தில் அவசரமாகப் போடும் ஜாயின்ட் நிலைக்காது. ஆனால் முதல் நல்ல மழை பெய்யும் வரை பழைய லைனை விட்டுவிடாதீர்கள்.

வயர் இழுக்கும் நாள்

வருகிற தம்பி பழைய வயர் வரும் ஓட்டையைப் பார்த்ததும், "இதைக் கழற்றிட்டு இதுலயே விட்டுடவா?" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அருகிலேயே தனி ஓட்டை போடட்டும். வெளிப்பக்கம் தாழ்வாகவும் உள்பக்கம் உயரமாகவும் ஓட்டை இருக்க வேண்டும். வயர் சுவருக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

ஃபைபர் கண்ணாடி, உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது என்பார்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாதுதான். துருப்பிடிப்பது அதைச் சுற்றியிருப்பவை: வயரைத் தாங்கும் கம்பி, கிளாம்ப், மோடத்தின் கரண்ட் பின், நெட்வொர்க் கேபிளின் உலோக முனை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தால் மோடத்தைக் கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டவே மாட்டாதீர்கள்.

வயர் முனையில் கனெக்டர் போடுவதில் இரண்டு முறை உண்டு. கையால் அழுத்திச் செருகுவது ஒன்று. சின்ன மெஷினில் வைத்துச் சூடாக்கி ஒட்டுவது இன்னொன்று, அதைத்தான் ஸ்ப்ளைசிங் என்கிறோம். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். செருகும் வகையில் நாளாக நாளாக ஈரமும் தூசியும் புகுந்து ஒளி குறையும். எவ்வளவு ஒளி வருகிறது என்பதை அந்தத் தம்பி கையில் இருக்கும் மீட்டரே காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் லைன் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். மீட்டர் காட்டும் எண்ணை போட்டோ எடுத்து வையுங்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டிபி இறக்கமும் ஒளி பாதியாவதைக் குறிக்கும். இன்று மைனஸ் 19 இருந்தது ஒரு மாதத்தில் மைனஸ் 25 ஆகிவிட்டால், வந்த ஒளியில் கால்பங்குதான் மிச்சம். நெட் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், வேகமும் குறைந்திருக்காது. ஆனால் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டுக்கொண்டிருக்கிறது, அடுத்த மழையில் மோடத்தில் LOS என்று சிவப்பு விளக்கு எரியப்போகிறது என்பதற்கு இதுதான் முன்னறிவிப்பு. பல மோடங்களில் இந்த எண்ணை செட்டிங்ஸ் பக்கத்திலேயே Rx Power என்று பார்க்கலாம்.

புது லைன் ஃபைபராக இல்லாமல் மொட்டை மாடியில் 5ஜி பெட்டி வைக்கும் வகையாக இருந்தால் இந்த ஒளிக்கணக்கு வராது. அங்கே பார்க்க வேண்டியது டவர் இருக்கும் திசையும் பெட்டியைத் தாங்கும் குழாயின் உறுதியும். ஆடிக்காற்றில் பெட்டி கொஞ்சம் திரும்பினாலே வேகம் விழும்.

இரண்டும் ஓடும் காலத்தில்

புது மோடத்துக்குப் பழைய வைஃபையின் பெயரையே வைத்துவிட்டால் வீட்டில் உள்ள போன்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்று ஒரு யுக்தி உண்டு. நல்ல யுக்திதான், ஆனால் இப்போது செய்யக் கூடாது. இரண்டு மோடமும் ஒரே பெயரில் ஓடினால் எந்த போன் எந்த லைனில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போதைக்குப் பெயர்கள் வேறாகவே இருக்கட்டும். மாற்றும் நாளில் பழைய மோடத்தை அணைத்துவிட்டு, அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதற்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

நம் கீழக்கரை வீட்டில் இப்படிப் பிரித்துக்கொள்வார்கள். மகளின் லேப்டாப்பும் டிவியும் புது லைனுக்குப் போகும். உம்மாவின் போனும் கேமராக்களும் பழையதிலேயே இருக்கும். பத்து நாள் கழித்து லேப்டாப்பையும் போனையும் மாற்றிப் போடுவார்கள். புது லைனைச் சும்மா ஓடவிட்டு ஸ்பீட் டெஸ்ட் மட்டும் போட்டால் ஒன்றும் தெரியாது. வீட்டு வேலை அதில் ஓட வேண்டும்.

வேகத்தை ஒப்பிடுவது

ஸ்பீட் டெஸ்ட் ஆப் தானாகவே பக்கத்துச் சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது அந்தக் கம்பெனியின் சொந்தச் சர்வராகவே இருக்கும். அதில் வரும் எண் உங்கள் வீட்டிலிருந்து அவர்கள் ஆபீஸ் வரைக்குமான வேகம்தான். இரண்டு லைனையும் ஒப்பிட, இரண்டு கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு சென்னைச் சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது லேப்டாப்பில், வயர் செருகி. வைஃபையில் அளந்தால் பாதி நேரம் சுவரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். வயரிலும் ஒரு பொறி உண்டு. 150 எம்பிபிஎஸ் லைனில் எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே வந்தால் கம்பெனியைத் திட்ட வேண்டாம். நெட்வொர்க் கேபிளோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாமல் நிற்கிறது. கேபிளில் எட்டு கம்பி இருக்கும். உப்பில் அரித்து அதில் ஒன்று போனாலும் இப்படி 100-க்கு இறங்கிவிடலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எந்த நேரத்தில் அளப்பது என்பதை உங்கள் வீட்டுப் பழக்கம் முடிவு செய்யட்டும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். மகன் வேலை முடித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு உம்மாவைக் கூப்பிட்டால் இங்கே பத்தரை. தெருவே படம் பார்க்கும் நேரமும் அதுதான். ஆகவே இந்த வீட்டுக்கு உண்மையான பரீட்சை ராத்திரி பத்திலிருந்து பதினொன்றரை வரை. துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் போகாது, போட்டிம் போன்ற ஆப்தான். அந்த வீடியோ அழைப்புக்கு ஓரிரண்டு எம்பிபிஎஸ் போதும். ஆனால் அந்த இரண்டு, மேலே போகும் பக்கத்திலும், அதாவது அப்லோடிலும், விட்டுவிட்டு வராமல் சீராகக் கிடைக்க வேண்டும்.

சீராக இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, கீழே உள்ள இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம் ஓடும்.

```
ping -n 300 192.168.1.1
ping -n 300 8.8.8.8
```

முதலாவது உங்கள் மோடம் வரைக்கும் போய்வருகிறது. உங்கள் மோடத்தின் எண் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். இரண்டாவது வெளியுலகம் வரை போய்வருகிறது. முடிவில் Lost என்ற இடத்தில் 0, அல்லது ஒன்றிரண்டு இருக்கலாம். இரண்டாவதில் Maximum என்பது Average-ஐப் போல ஐந்து, பத்து மடங்கு இருந்தால் பேச்சு விட்டுவிட்டு வரலாம். முதலாவதிலேயே Lost வந்தால் குற்றம் வீட்டுக்குள், வைஃபையிலோ கேபிளிலோ இருக்கிறது. கம்பெனி மாற்றினாலும் தீராது. முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் மட்டும் வந்தால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் வீட்டில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். மதியம் பழைய லைனில் டவுன்லோடு 58, அப்லோடு 55. புது லைனில் 146, 138. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அன்று மாலையே பழையதை நிறுத்தச் சொல்லி போன் போடுகிறார்கள். ராத்திரி பத்தரைக்கு அளந்தால் பழையதில் 51, 46. பிங் 20-லிருந்து 35 மில்லிசெகண்டுக்குள். புதியதில் டவுன்லோடு 61, அப்லோடு 4, பிங் சில நேரம் 400-ஐத் தாண்டுகிறது, 300-க்கு 17 காணாமல் போகிறது. டவுன்லோடு 61 என்பது பழையதைவிடக் கூடத்தான். ஆனால் உம்மாவின் முகம் துபாயில் உறைந்து நிற்பது அந்த 400-ஆலும் 17-ஆலும்.

இது ஏன்? ஃபைபர் லைன் என்றாலும் ஆபீஸிலிருந்து கிளம்பும் ஒரு போர்ட்டை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்கின்றன. பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அந்த மொத்தப் போர்ட்டுக்கும் கீழே வர சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே போக 1.25. அதற்கும் பின்னால் கேபிள்காரர் மேல் கம்பெனியிடமிருந்து வாங்கியிருக்கும் மொத்த அளவு வேறு. இந்த இரண்டில் எது நிரம்பினாலும் ராத்திரியில் மூச்சு முட்டும். புகார் செய்யும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். மதிய எண்ணையும் ராத்திரி எண்ணையும், நேரம் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்பி, "ஒளி அளவு மைனஸ் 20, மதியம் சரி, ராத்திரி மட்டும் அப்லோடு விழுகிறது" என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்ற பதிலோடு உங்களை அனுப்பிவிட முடியாது. போர்ட்டை மாற்றிக் கொடுத்து, ராத்திரி அப்லோடு 90-க்கு மேல் வந்தால் சரி. ஒரு வாரத்தில் எதுவும் மாறவில்லையென்றால் மாதம் முடிந்ததும் அந்தப் புது லைனுக்கு விடை கொடுங்கள். பழையது இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

கரண்ட் இல்லாத நாள்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் முன்கூட்டியே வந்துவிடும். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். இரண்டு லைனும் ஓடும் காலத்துக்குள் அப்படி ஒரு நாளாவது வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல சோதனை இல்லை.

இரண்டு மோடத்தையும் இன்வெர்டரிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ போட்டுவையுங்கள். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட். இருந்தாலும் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். அப்புறம் மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நம் வீட்டில் பழைய லைன் சாயங்காலம் வரை தாங்குகிறது. புதியது பதினொரு மணிக்கே போய்விடுகிறது. மோடத்தில் கரண்ட் இருக்கிறது, PON விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் பக்கம் தவறில்லை, அந்தப் பக்கத்துப் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. PON விளக்கு எரிந்துகொண்டே நெட் இல்லையென்றால், ஆபீஸ் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, அதற்கு மேலே எங்கோ துண்டிப்பு.

வீட்டில் வேலை பார்க்கும் மகளுக்கு இது சின்ன விஷயமில்லை. அவர் அன்றே கேபிள்காரரைக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் தாங்கியது என்று மணியோடு சொல்கிறார். பேட்டரி மாற்றப்போகிறோம் என்று பதில் வருகிறது. மாற்றுவார்கள்தான், ஆனால் மாற்றினார்களா என்பது அடுத்த மின்தடை அன்றுதான் தெரியும். ஆகவே பழைய லைனை இன்னொரு மாதம் நீட்டிக்கிறார்கள். இந்த ஒரு மாதக் கட்டணத்தை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நிறுத்தச் சொல்வதற்கு முன்

அடுத்த மின்தடையையும் முதல் நல்ல மழையையும் புது லைன் தாண்டிவிட்டது. இனி பழைய மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் இருங்கள். இணைப்பை நிறுத்த வேண்டாம், மோடத்தை மட்டும் அணைத்தால் போதும். வீட்டில் எது எது அதைச் சார்ந்திருந்தது என்பது அப்போது தானாகத் தெரியும்.

முதலில் சத்தம் போடாமல் போவது கேமரா. ரெக்கார்டர் பெட்டியைப் பொருத்தியவர் அதற்கு 192.168.1.1 என்ற வாசல் முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார். புது மோடத்தின் முகவரி வேறாக, உதாரணமாக 192.168.29.1 ஆக, இருந்தால் பெட்டிக்கு வெளியே போகும் வழி தெரியாது. வீட்டு டிவியில் படம் வந்துகொண்டிருக்கும், துபாயில் மகனுக்கு மட்டும் வராது. பெட்டியின் நெட்வொர்க் செட்டிங்கில் DHCP என்று போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் இதைப் பாருங்கள்: புது மோடத்தின் பக்கத்தில் WAN IP என்று இருக்கும் எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. பழைய பாணியில் போர்ட் திறந்து வெளியிலிருந்து கேமரா பார்ப்பது இதில் நடக்காது. கம்பெனியிடம் காசு கொடுத்துத் தனி ஐபி வாங்கலாம். அல்லது ரெக்கார்டர் கம்பெனியின் ஆப் வழியாகப் பார்க்கும் முறைக்கு மாறலாம். வீட்டுக்கு இரண்டாவதே போதும்.

சோலார் இன்வெர்டரின் வைஃபை குச்சி, மலிவான கேமரா, சில பிரிண்டர்கள் ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். புது மோடத்தில் அது அணைந்திருந்தாலோ, பாதுகாப்பு WPA3 மட்டும் என்று இருந்தாலோ அவை சேராது. 2.4-ஐத் திறந்து WPA2-க்கு மாற்றினால் பிடித்துக்கொள்ளும். கடை வைத்திருப்பவர்கள் கார்டு தேய்க்கும் மெஷின் எந்த வைஃபையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் லேண்ட்லைன். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்கு எடுத்துப்போக நம் நாட்டில் வசதி இல்லை. 04567-இல் தொடங்கும் அந்த எண் பழைய இணைப்போடு போய்விடும். வாப்பா இருபது வருடமாக எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கும் எண் அதுதான் என்றால், நிறுத்தும் முன் பேச்சு மட்டும் உள்ள குறைந்த பிளானுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வங்கி, கேஸ் ஏஜென்சி, ஆஸ்பத்திரிப் பதிவு, வெளிநாட்டு உறவினர் என்று எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுத்த பிறகே நிறுத்துங்கள். பழைய நெட் கம்பெனி கொடுத்த இமெயில் முகவரியில் ஏதாவது கணக்கு திறந்திருந்தால் அதற்கும் இதே கதி. பிளானோடு வந்த ஓடிடி சந்தாவும் அன்றே நின்றுபோகும்.

நிறுத்தும் நாள்

லைன் பார்க்க வரும் தம்பியிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அவர் சொல்லாமல் விட்டால் பில் ஏறிக்கொண்டே போகும். பணம் கட்டாமல் விட்டால் தானே நின்றுவிடும் என்பதும் போஸ்ட்பெய்டுக்குப் பொருந்தாது. நெட் நிற்கும், பாக்கி நிற்காது. கம்பெனியின் ஆபீஸிலோ ஆப்பிலோ இமெயிலிலோ எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணைப் போல ஒரு பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் வாடிக்கையாளர் எண், எந்தத் தேதியிலிருந்து நிறுத்த வேண்டும், டெபாசிட் திரும்பி வர வேண்டிய வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

மோடம் கம்பெனியுடையதா உங்களுடையதா என்று முதல் பில்லைத் தேடிப் பாருங்கள். கம்பெனியுடையதானால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, மோடத்தின் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். அதற்கு முன் மோடத்தை ரீசெட் செய்துவிடுங்கள், உங்கள் பாஸ்வேர்டு அதில் இருக்க வேண்டாம். உங்கள் சொந்த மோடமாக இருந்தாலும் வேறு கம்பெனி ஃபைபரில் அது பெரும்பாலும் ஓடாது. ஒவ்வொரு கம்பெனியும் தான் பதிவு செய்த பெட்டியை மட்டுமே உள்ளே விடும்.

கடைசி பில் வந்து, கட்டி முடித்த பிறகு, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். நெட்டை நிறுத்திவிட்டால் இதுவும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். வங்கிக் கார்டில் கொடுத்திருந்தால் வங்கி ஆப்பில் பார்க்க வேண்டும்.

டெபாசிட் வரவில்லை, அல்லது நிறுத்திய பிறகும் பில் வருகிறது என்றால் முதலில் அந்தப் பதிவு எண்ணோடு கம்பெனியின் புகார் மையத்துக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே கூப்பிடும்போது பதிவு எண், மோடம் ரசீது, கடைசி பில் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.